பாதி வேலை, பாதி ஓய்வு: முதல் ஐந்து ஆண்டுகளைக் கடப்பது எப்படி

முழுநேர வேலையை விட்டுவிட்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் ஆலோசகராக வேலை பார்க்கும் ஏற்பாட்டுக்கு நான் மாறியபோது, வேலை கிடைப்பது பெரிய பாடாக இருக்கவில்லை. காகிதங்களும் தேதிகளும்தான் அலைக்கழித்தன. யாரிடம் எதை எழுத்தில் வாங்க வேண்டும், ஒரு நாளுக்கு எவ்வளவு கேட்க வேண்டும், முதல் பணம் கைக்கு எப்போது வரும் என்று வரிசையாகச் சொல்ல ஆள் இல்லை. அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். நாட்டுக்கு நாடு வரிச் சட்டமும் ஓய்வூதிய விதியும் மாறும். அந்த இடங்களில் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் பற்றாக்குறையைக் கண்டுபிடியுங்கள்

கடந்த 12 மாத வங்கிக் கணக்கு அறிக்கையையும் கிரெடிட் கார்டு அறிக்கையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதச் செலவை 12 ஆல் பெருக்கிப் பார்ப்பது போதாது. பல், கண், வீட்டுப் பழுது, வண்டி மாற்றுவது, குடும்ப விசேஷம் எல்லாம் மாதக் கணக்கில் சிக்காமல் நழுவிவிடும். இவற்றுக்கு மூன்று ஆண்டுச் சராசரி எடுத்தால்தான் உண்மை தெரியும். இதுவரை கம்பெனி கட்டிவந்த மருத்துவக் காப்பீட்டை இனி நீங்கள் கட்ட வேண்டியிருந்தால் அதையும் சேருங்கள்.

இந்த மொத்தத்திலிருந்து ஓய்வூதியம், வாடகை போன்ற உறுதியான வரவுகளைக் கழியுங்கள். மிச்சம்தான் சேமிப்பிலிருந்து ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய தொகை. பகுதிநேர வேலை நிரப்ப வேண்டியது இந்தப் பள்ளத்தைத்தான். பழைய சம்பளத்தை அல்ல. இது புரிந்துவிட்டால் பலருக்குப் பாதிக் கவலை போய்விடும், ஏனென்றால் தேவைப்படும் வருமானம் அவர்கள் நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

2. வருமானம் எத்தனை ஆண்டு தேவை என்று கணக்குப் போடுங்கள்

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோவோம். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். ஒருவரின் சேமிப்பு 1,00,000. ஆண்டுச் செலவு 4,000. ஓய்வூதியம் இன்னும் தொடங்கவில்லை. ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் பணத்தை எடுக்கிறார். முதல் ஐந்து ஆண்டுகளில் முதலீட்டு வருவாய், விலைவாசி உயர்வைக் கழித்த பிறகு, முறையே −15, −10, +5, +8, +8 சதவீதம்.

வேலை எதுவும் பார்க்காமல் ஆண்டுக்கு 4,000 எடுத்தால் ஐந்தாம் ஆண்டு முடிவில் மிஞ்சுவது 71,650. இதே ஐந்து வருவாய்களைத் தலைகீழாக வரிசைப்படுத்தி, நல்ல ஆண்டுகள் முதலில் வந்ததாக வைத்துப் பார்த்தால் மிஞ்சுவது சுமார் 76,800. வருவாய் ஒன்றுதான், எடுத்த தொகையும் ஒன்றுதான். வரிசை மட்டும் மாறியதால் 5,000க்கு மேல் வித்தியாசம். சந்தை இறங்கிக் கிடக்கும்போது விற்ற பங்குகள், பிறகு சந்தை ஏறும்போது உங்கள் கையில் இருக்காது. ஓய்வின் தொடக்க ஆண்டுகள் ஆபத்தானவை என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இப்போது அதே மோசமான வரிசையில், வரி போக 2,400 சம்பாதித்து, சேமிப்பிலிருந்து 1,600 மட்டும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டும் அப்படிச் செய்தால் மிஞ்சுவது 84,875. ஐந்து ஆண்டில் சம்பாதித்தது மொத்தம் 12,000. வேலை பார்க்காதவரோடு ஒப்பிட்டால் சேமிப்பில் கூடுதலாக இருப்பதோ 13,225.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அடுத்த கணக்கு. முதல் இரண்டு ஆண்டு மட்டும் இப்படி வேலை பார்த்துவிட்டு நிறுத்தினால் ஐந்தாம் ஆண்டு முடிவில் சுமார் 76,540 இருக்கும். நல்ல ஆண்டுகள் முதலில் வந்த அதிர்ஷ்டசாலியின் 76,800க்கு இது கிட்டத்தட்டச் சமம். சந்தை தொடக்கத்தில் செய்த கெடுதலில் பெரும்பகுதியை இரண்டே ஆண்டு அரைநேர வேலை ஈடுகட்டிவிட்டது. அதனால் பத்தாண்டுத் திட்டம் போட வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு உறுதியான ஏற்பாடு, ஐந்து ஆண்டு வரை நீட்டிக்கும் வாய்ப்பு என்று யோசியுங்கள்.

உங்கள் எண்களை ஒரு விரிதாளில் போட்டு, வருவாய் வரிசையை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு ஒரு வரி போதும்:

```
முடிவு = (தொடக்கம் - எடுத்த தொகை) * (1 + வருவாய்)
```

3. பழைய கம்பெனியிலேயே நேரத்தைக் குறைப்பதா? கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

தெரிந்த இடம், தெரிந்த ஆட்கள், மாதாமாதம் சம்பளம். எளிய வழி இதுதான். ஆனால் மிகப் பெரிய பொறியும் இங்கேதான் இருக்கிறது. உங்கள் ஓய்வூதியமோ பணிக்கொடையோ கடைசி ஆண்டுகளின் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதாக இருந்தால், பாதிச் சம்பளத்தில் கழிக்கும் ஆண்டுகள் அந்தத் தொகையை ஆயுள் முழுவதற்கும் குறைத்துவிடலாம். சில திட்டங்களில் பகுதிநேர ஆண்டுகளுக்கும் முழுநேரச் சம்பளத்தையே எடுத்துக்கொள்வார்கள். சிலவற்றில் அப்படி இல்லை. ஊகித்து முடிவெடுக்காதீர்கள். ஓய்வூதியப் பிரிவிடம் இரண்டு கணக்குகளை எழுத்தில் கேளுங்கள்: இன்றே ஓய்வு பெற்றால் எவ்வளவு, இரண்டு ஆண்டு பகுதிநேரமாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றால் எவ்வளவு. பதில் வர ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். மாற விரும்பும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே கடிதம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது காப்பீடு. வாரத்தில் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் வேலை பார்ப்பவருக்கே கம்பெனிக் காப்பீடு என்று பல இடங்களில் வரம்பு உண்டு. எனக்கு வாய்வழியாகச் சொன்னது, "காப்பீடு அப்படியே தொடரும், கவலைப்படாதீங்க சார்" என்று. கைக்கு வந்த கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், "தகுதிக்கு உட்பட்டு" என்ற இரண்டு சொற்கள் சேர்ந்திருந்தன. எந்தத் தகுதி என்று கேட்டபோதுதான், நான் ஒப்புக்கொண்ட மணி நேரம் வரம்புக்குக் கீழே இருப்பது தெரிந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கூட்டியதும் சரியானது. "தகுதிக்கு உட்பட்டு", "நிர்வாக விருப்பப்படி", "அவ்வப்போது மாறக்கூடிய" என்ற சொற்களைக் கண்டால் அங்கேயே நின்று, விளக்கத்தை எழுத்தில் வாங்குங்கள்.

வேலையை விட்டு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டே அதே கம்பெனிக்குத் திரும்பப் போகிறீர்கள் என்றால், இடையில் கட்டாய இடைவெளி உண்டா என்று கேளுங்கள். சில நாடுகளில், முழு ஓய்வு வயதுக்கு முன் அரசு ஓய்வூதியம் வாங்குபவர் ஒரு வரம்புக்கு மேல் சம்பாதித்தால் ஓய்வூதியத்தில் பிடித்தம் உண்டு. அப்படி இருந்தால், வேலை பார்க்கும் ஆண்டுகளில் ஓய்வூதியத்தைத் தள்ளிப்போட முடியுமா, தள்ளிப்போட்டால் எவ்வளவு கூடும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

4. ஆலோசகராகப் போவதா? ஒரு நாள் கட்டணத்தைக் கீழிருந்து மேலே கட்டுங்கள்

பெரும்பாலோர் பழைய சம்பளத்தை வேலை நாட்களால் வகுத்து வந்ததையே கட்டணமாகச் சொல்கிறார்கள். இது ஏன் போதாது என்று நம் உதாரணத்திலேயே பார்ப்போம்.

அவருடைய பழைய சம்பளம் ஆண்டுக்கு 6,000. வேலை நாட்கள் 240. ஒரு நாளுக்கு 25. இனி வாரத்துக்கு இரண்டரை நாள், ஆண்டுக்கு 46 வாரம் என்றால் 115 நாள் வேலைக்கு ஒதுக்குகிறார். ஆனால் 115 நாளுக்கும் யாரும் பணம் தர மாட்டார்கள். வாடிக்கையாளரைத் தேடுவது, முன்மொழிவு எழுதுவது, பில் போடுவது, பில்லுக்குப் பின்னால் அலைவது எல்லாம் உங்கள் சொந்த நேரம். பில் போடக்கூடிய நாட்கள் 75 என்று வைப்போம். கையில் நிற்க வேண்டியது 2,400. வரிக்கும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்புக்கும் 800. தொழில் காப்பீடு, மென்பொருள், கணக்காளர் கட்டணம், பயணம் சேர்த்து 400. ஆக, பில் தொகை 3,600 வர வேண்டும். 75 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 48.

பழைய நாள் சம்பளத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் 25க்கு ஒப்புக்கொண்டால் ஆண்டு பில் 1,875தான். செலவும் வரியும் போக 2,400இல் பாதியைத் தொடுவதே கஷ்டம். மீதியைச் சேமிப்பு கொடுக்கும், அதுவும் நீங்கள் காப்பாற்ற நினைத்த அதே ஆண்டுகளில். கம்பெனி தரப்பிலும் இது அநியாயம் இல்லை. உங்களுக்கு விடுப்புச் சம்பளம், காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு, இடம், கணினி எதுவும் அவர்கள் கொடுக்கப் போவதில்லை.

எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அதிகம் என்று அவர்கள் சொன்னால், நாட்களைக் குறையுங்கள் அல்லது வேலையின் அளவைக் குறையுங்கள். நாள் கட்டணத்தைக் குறைக்காதீர்கள். ஒருமுறை குறைத்தால் அடுத்த ஒப்பந்தமும் அங்கிருந்துதான் தொடங்கும்.

5. காகிதங்கள்: வேலை தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் பழைய பணி ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யக்கூடாது, பழைய வாடிக்கையாளரை அணுகக்கூடாது என்பது போன்ற தடைகள் எத்தனை மாதத்துக்கு என்று பாருங்கள். நிறையப் பேரின் முதல் வாடிக்கையாளர் பழைய தொழில் தொடர்பிலிருந்தே வருவதால் இது முக்கியம்.

அடுத்து, சுயதொழில் பதிவும் வரி எண்ணும். உங்கள் வருமான அளவுக்கு எந்தப் பதிவு கட்டாயம், எது தேவையில்லை என்பதை ஒரு கணக்காளரிடம் ஒரே ஒரு முறை உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். அந்தக் கட்டணம் வீண் போகாது. இதே சந்திப்பில் இன்னொன்றையும் கேளுங்கள்: ஒரே கம்பெனிக்கு மட்டும், அவர்கள் சொல்லும் நேரத்தில், அவர்கள் கணினியில், அவர்கள் மேற்பார்வையில் வேலை பார்த்தால், வரித்துறை உங்களை ஆலோசகராக ஏற்குமா, மறைமுக ஊழியர் என்று சொல்லுமா? பல நாடுகளில் இதற்குத் தனிச் சோதனைகள் உண்டு. பழைய கம்பெனிக்கே ஆலோசகராகப் போகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள்.

வாடிக்கையாளருடனான ஒப்பந்தம் இரண்டு மூன்று பக்கம் போதும். என்ன வேலை, மாதத்துக்கு எத்தனை நாள், எந்தத் தேதியில் பில், எத்தனை நாளில் பணம், தாமதமானால் என்ன, நிறுத்துவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, தவறு நேர்ந்தால் உங்கள் பொறுப்புக்கு உச்ச வரம்பு எவ்வளவு என்பவை இருக்க வேண்டும். முன்னறிவிப்பு இரு தரப்புக்கும் 60 நாள் என்று கேளுங்கள். நாள் கணக்கைவிட, மாதம் இத்தனை நாளுக்கு நிலையான தொகை என்ற ஏற்பாடு கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோக்கம் அதிகம் சம்பாதிப்பதைவிட, சேமிப்பிலிருந்து எடுப்பதைச் சீராகக் குறைப்பதுதான்.

6. முதல் பணம் வரும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

மாதக் கடைசியில் சம்பளம் வாங்கிப் பழகியவருக்கு இந்த இடைவெளி பெரிய அதிர்ச்சி. மாதம் 1ஆம் தேதி வேலை தொடங்குகிறீர்கள். 30ஆம் தேதி பில் போடுகிறீர்கள். தவணை 45 நாள். எல்லாம் சரியாக நடந்தாலே பணம் மூன்றாம் மாதத்தின் நடுவில் வரும்.

எல்லாம் சரியாக நடப்பதும் அபூர்வம். பெரிய கம்பெனிகளில் உங்களை முதலில் சப்ளையராகப் பதிவு செய்ய வேண்டும். வரி எண், வங்கிக் கணக்கு ஆதாரம், முகவரி ஆதாரம், சில சமயம் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். இதற்கே சில வாரம் போகும். பதிவு முடிந்தாலும், பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லாத பில் கணக்குப் பிரிவிலேயே தூங்கும். உங்களுக்குத் தகவல்கூட வராது. ஆர்டர் எண் கைக்கு வராமல் முதல் நாள் வேலையைத் தொடங்காதீர்கள். பில் அனுப்பிய ஐந்தாம் நாள், "பில் பதிவாகிவிட்டதா, எந்தத் தேதிக்குப் பணம்?" என்று கணக்குப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தவணை முடிந்த பிறகு கேட்டால், குறை அப்போதுதான் தெரியவரும். கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

இதற்காக, வேலை மாறும் முன்பே ஆறு மாதச் செலவைத் தனியாக, உடனே எடுக்கக்கூடிய வைப்பில் வைத்துவிடுங்கள். நம் உதாரணத்தில் அது 2,000. இது இல்லாவிட்டால், பில் தாமதமாகும் மாதத்தில் பங்கை விற்றாக வேண்டும். இந்த ஏற்பாடு எதைத் தவிர்க்க வந்ததோ அதுவே நடந்துவிடும்.

7. வரிப் பணத்தைத் தொடாதீர்கள், வருமானத்தை நேராகச் செலவு செய்யாதீர்கள்

ஊழியராக இருந்தவரை வரியைப் பிடித்துக்கொண்டுதான் சம்பளம் தந்தார்கள். இனி பல நாடுகளில் நீங்களே தவணை தவணையாகக் கட்ட வேண்டும், தவறினால் வட்டி. ஒவ்வொரு பில் பணம் வந்த அன்றே நான்கில் ஒரு பங்கை வேறு கணக்குக்கு மாற்றுங்கள். உங்கள் வரி விகிதத்துக்கு ஏற்ப இந்தப் பங்கைக் கணக்காளர் திருத்தித் தருவார். வாடிக்கையாளரே வரியைப் பிடித்தம் செய்தால் அதற்கான சான்றிதழை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குங்கள்; ஆண்டுக் கடைசியில் தேடினால் கிடைக்காது.

மீதிப் பணத்தையும் வீட்டுச் செலவுக் கணக்கில் நேராகப் போட வேண்டாம். வேலைக் கணக்கு தனி, வீட்டுக் கணக்கு தனி. நம் உதாரணக்காரருக்கு மாதச் செலவு சுமார் 333. வேலைக் கணக்கிலிருந்து 200, சேமிப்பிலிருந்து 133 என்று மாதம் ஒரே தேதியில் வீட்டுக் கணக்குக்கு மாற்றுகிறார். ஒரு மாதம் 500 வந்தாலும் 200தான் மாறும். ஒன்றுமே வராத மாதத்திலும் 200 மாறும். கூடுதலாக வந்தது வறண்ட மாதங்களுக்குத் தாங்கும்.

இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் நடப்பது இதுதான்: சேமிப்பிலிருந்து வழக்கம்போல 4,000 எடுத்துக்கொண்டு, ஆலோசனை வருமானத்தைக் கூடுதல் பணமாகச் செலவழித்துவிடுவோம். வேலையும் பார்த்திருப்போம், சேமிப்பும் குறைந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே எண் போதும். ஆண்டு முடிவில், சேமிப்புக் கணக்குகளிலிருந்து வெளியே போன மொத்தத் தொகையைக் கூட்டுங்கள். 1,600க்குப் பக்கத்தில் இருந்தால் சரி. 2,500, 3,000 என்று இருந்தால், செலவு கூடிவிட்டதா, கட்டணம் போதவில்லையா என்று அந்த மாதமே பாருங்கள்.

8. எப்போது நிறுத்தலாம்

ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே தேதியில், எடுக்க வேண்டிய தொகையைச் சேமிப்பால் வகுத்துப் பாருங்கள். அமெரிக்கச் சந்தையின் கடந்தகால விவரங்களில், முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனவரின் பணம் 30 ஆண்டு தாங்கியிருக்கிறது. வேறு நாட்டுச் சந்தைக்கும், 30 ஆண்டுக்கு மேற்பட்ட ஓய்வுக்கும் இது உத்தரவாதம் இல்லை. ஆனாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் ஆண்டு முடிவில் 84,875 வைத்திருப்பவர் 4,000 எடுத்தால் 4.7 சதவீதம். இன்னும் சற்று அதிகம். வேலையே பார்க்காதவருக்கு அது 5.6 சதவீதம். ஆறாம் ஆண்டில் 800 ஓய்வூதியம் தொடங்குகிறது என்றால், எடுக்க வேண்டியது 3,200, முதலாமவருக்கு 3.8 சதவீதம், மற்றவருக்கு 4.5. முதலாமவர் வேலையை நிறுத்திவிடலாம். ஓய்வூதியம் எதுவும் வராது என்றால், மாதத்துக்கு நான்கைந்து நாள் மட்டும் இன்னும் ஓரிரு ஆண்டு தொடர்வதோ, செலவைக் குறைப்பதோதான் வழி.

நீங்கள் நிறுத்தும் முன் வேலையே உங்களை நிறுத்திவிடவும் கூடும். ஒரே வாடிக்கையாளர், அங்கே உங்களை அழைத்த ஒரே மேலாளர் என்றிருந்தால், அவர் மாறிய மறுமாதமே ஒப்பந்தம் போகலாம். உடல்நிலையும் இப்படித்தான். அதனால் 2ஆம் படியில் போட்ட விரிதாளில், வருமானம் முதல் ஆண்டோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற கணக்கையும் போட்டு வையுங்கள். அந்தக் கணக்கு தாங்கவில்லை என்றால், முழுநேர வேலையை விடும் நாள் இன்னும் வரவில்லை.

நிறுத்தும்போது செய்ய வேண்டியவை மூன்று. கடைசி பில்லின் பணம் வரும்வரை வேலை வங்கிக் கணக்கை மூடாதீர்கள். வரிப் பதிவை முறைப்படி ரத்து செய்து, கடைசித் தவணையைக் கட்டிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தொழில் பொறுப்புக் காப்பீடு எடுத்திருந்தால், அதை அப்படியே நிறுத்திவிடாதீர்கள். இவ்வகைப் பாலிசிகள் பெரும்பாலும் தவறு நடந்த தேதியைப் பார்ப்பதில்லை, கோரிக்கை வந்த தேதியில் பாலிசி உயிரோடு இருந்ததா என்றுதான் பார்க்கும். வேலையை நிறுத்திய பிறகு வரும் கோரிக்கைகளுக்கான நீட்டிப்புக் காப்பு எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும், அதற்கு எவ்வளவு என்று, பாலிசி முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.